அவளுடைய கேள்வி

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நானும் என் தோழியும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். மூன்று வருடமாக அதே சிரிப்பு, அதே சாவிக் கொத்து. அறைகளின் விலையைத் தீர்மானிக்கும் பிரிவுக்கு மாறிவிட வேண்டுமென்று இருவருக்கும் ஆசை. எனக்கு அது வெறியாகவே இருந்தது.

கொழும்பில் பெரிய ஹோட்டலொன்றில் அந்தப் பிரிவுக்கே மேலாளராக இருப்பவர் கொக்கட்டிச்சோலைக்காரி. நம்ம பக்கத்து ஆள்தானே என்ற தைரியத்தில் முதலில் மெசேஜ் அனுப்பியது நான்தான். ஐயோ, என்னவெல்லாம் எழுதினேன்! அப்பாவின் வயல் வட்டையில் வெள்ளம் நின்றது முதல் என் சோதனைப் பெறுபேறு வரை கொட்டிவிட்டு, 'எப்படியாவது உதவி செய்யுங்கோ மெடம்' என்று முடித்தேன். வாசித்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, "பெரிய ஆக்கள், நம்மள எங்க கணக்கெடுப்பாங்க" என்று தோழியிடம் திட்டித் தீர்த்தேன்.

அடுத்த கிழமை அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நேத்து மெடத்தோட கதைச்சன் கா. இருபது நிமிசம்."

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. "நீ அப்படி என்னத்த எழுதினாய்?" என்றேன். போனை நீட்டினாள்.

'மெடம், மூன்று வருடமாக வரவேற்பில் வேலை செய்கிறேன். விலைப் பிரிவுக்கு மாற, முதலில் எதைப் பழக வேண்டும்? இந்த ஒரு கேள்விதான். வேலை கேட்கவில்லை. செவ்வாய் அல்லது வியாழன் பின்னேரம் பதினைந்து நிமிடம் போதும், நானே அழைக்கிறேன். நேரமில்லாவிட்டால் பரவாயில்லை.'

'வேலை கேட்கவில்லை' என்ற இடத்தில் கண் நின்றது. எங்கள் பக்கத்தில் 'உதவி' என்றாலே வேலை எடுத்துத் தா என்றுதான் அர்த்தம். அதைக் கண்டால் யார்தான் பதில் போடுவார்கள்? இந்தக் கள்ளிக்கு அது தெரிந்திருக்கிறது.

அன்று பின்னேரம் முழுக்க அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்த மெசேஜை அப்படியே, ஒரு சொல் மாற்றாமல் என் பெயரில் அனுப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது.

'தங்கச்சி, இதே கேள்விக்கு நேற்று உங்கட ஹோட்டல் பிள்ளை ஒருவருக்கு விளக்கமாகச் சொன்னேன். அவவிடம் கேளுங்கோ. பிறகு உங்கட சொந்தக் கேள்வி ஒன்று இருந்தால் எழுதுங்கோ, கட்டாயம் பேசுவோம்.'

வெட்கத்தில் காது சுட்டது. மேலாளரே அவளிடம் கேட்கச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் யோசித்தேன். எனக்கென்று ஒரு கேள்வி கூட வரவில்லை. அவளுக்குக் கிடைத்தது எனக்கும் வேண்டும் என்பதைத் தவிர மனதில் வேறொன்றும் இல்லை.

மூன்றாம் நாள் அவளிடமே போய்க் கேட்டேன். விருந்தினர் எத்தனை நாளுக்கு முன் அறை பதிகிறார்கள், எவர் கடைசி நேரத்தில் ரத்துச் செய்கிறார்கள் என்று தினமும் எழுதி வரச் சொன்னாராம் மெடம். தான் எழுதத் தொடங்கிய கொப்பியையும் திறந்து காட்டினாள். ஒன்றையும் ஒளிக்கவில்லை, பாவி. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.