நூறு ஜிபியில் அடங்காத சாமத்திய வீடு

என் கணவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எங்கள் வீட்டில் தக்காளி வாங்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆகவே இலவசமாகக் கிடைத்த பதினைந்து ஜிபி இணையச் சேமிப்பிடம் நிரம்பி, என் மெயிலுக்கு எதுவும் வராமல் போனபோது, எந்தத் திட்டம் வாங்குவதென்று அவரே தீர்மானிப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நானோ அவசரத்தில் இருந்தேன். அண்ணை தன் பங்குக் காணியை என் பெயருக்கு எழுத அதிகாரம் தரும் கடிதத்தை, கையெழுத்து வைக்குமுன், கனடாவிலிருந்து மெயிலில் அனுப்பவேண்டும். மானிப்பாய் லோயர் அதை வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துத் திருத்தவேண்டும்.

கணவர் கொப்பியில் கோடு போட்டார். படம் ஆறாயிரம், ஒன்று நாலு எம்பி, ஆக இருபத்துநாலு ஜிபி. அதில் பிழையில்லை. பிறகு ஸ்கேன் செய்யவேண்டிய காணி உறுதிப் பத்திரங்கள். யாழ்ப்பாணத்தில் உறுதியைவிடக் கனமான பொருள் உண்டா? இருநூறு பக்கத்துக்குப் பத்து ஜிபி ஒதுக்கினார். உண்மையில் பக்கத்துக்கு ஒரு எம்பிகூட வரவில்லை. கடைசியில் மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டு வீடியோ.

"அது பன்னிரண்டுதானே," என்றார்.

பன்னிரண்டு படங்களுக்குரிய இடத்தை அவற்றுக்குக் கொடுத்தார். ட்ரோன் விட்டு, 4K-யில் எடுத்த, ஒவ்வொன்றும் இருபது நிமிடம் ஓடும் பன்னிரண்டு. நூறு ஜிபி தாராளம் என்று தீர்ப்பாயிற்று. நானும் தலையாட்டினேன், அந்தக் கோபம் எனக்கு என்மேலேயே இன்னும் இருக்கிறது.

வீடியோ ஒன்று பதினைந்து ஜிபி. ஏற்கெனவே மெயிலில் நிரம்பியிருந்த பதினைந்தும் ஆறாயிரம் படங்களும் போக நாலு ஏறின, ஐந்தாவது, இடம் போதாமல் நின்றது. எஞ்சியிருந்த கொஞ்சத்தையும் நான் கோயில் திருவிழாவில் எடுத்த படங்கள் தாமாகவே ஏறி நிரப்பின. வியாழக்கிழமை அண்ணை போன் எடுத்தார். கடிதம் திரும்பிவிட்டதாம். காணியையும் கேட்டுக்கொண்டு நான் அவருடைய மெயிலைத் தடுத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். வெட்கத்தை விட்டு நடந்ததைச் சொன்னேன். வீடியோக்கள் வன்தட்டில் பத்திரமாக இருக்கின்றன, இங்கே ஏற்றியதை அழிக்கிறேன் என்றேன்.

"அழி பிள்ளை. ஆனா நான் மாலையோடை வாற துண்டை மட்டும் விடு. அதைத்தான் நான் இஞ்சை ஆக்களுக்கு இணையத்திலை காட்டப்போறன்."

அவர் மாலையோடு வரும் துண்டு தனியாக இல்லை. ஏறிய நாலிலும், ட்ரோன் எந்தப் பக்கம் திரும்பினாலும், அண்ணை மாலையோடு வந்துகொண்டிருந்தார். முதலாவதை அழித்தேன். இடம் வரவில்லை. குப்பைத்தொட்டியில் கிடப்பதும் கணக்கில்தான் என்று கணவர் அப்போதுதான் வாசித்தார். தொட்டியையும் காலி செய்தேன். மற்ற மூன்றையும் தொடவில்லை.

திரும்ப அனுப்பச் சொன்னேன். கடிதம் வந்தது, ஒரு எம்பியில் பாதிகூட இல்லை.

"என்ரை துண்டு இருக்குதோ?" என்று கேட்டார் அண்ணை.

அவர் இன்னும் கடிதத்தில் கையெழுத்து வைக்கவில்லை.

"ஓம் அண்ணை," என்றேன்.