மூடி போட்ட டம்ளர்

என்னைக் குடிகாரன் என்று எங்கள் தெருவில் ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு இன்றும் எரிச்சல் தருவது அதுதான். உத்திரமேரூர் பக்கத்தில் குடிகாரன் என்றால் பஸ் ஸ்டாண்டில் வேட்டி அவிழ்ந்து கிடக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவன் நல்ல பிள்ளை. "அந்தப் புள்ள வூட்டோட கீது, ஒரு வம்பு தும்பு இல்ல" என்று எதிர்வீட்டுக்காரர் என்னை உதாரணம் காட்டித் தன் மகனைத் திட்டுவார். உள்ளே நான் குவாட்டரைத் திறந்துகொண்டிருப்பேன்.

வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு க்ளெய்ம் பார்க்கும் வேலை. மதியம் ஒன்றிலிருந்து இரவு பத்து வரை. சென்னையில் ஆபீஸ் போன காலத்தில் வேலைக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஒன்றரை மணி நேர ரயில் இருந்தது. வீட்டிலிருந்து வேலை என்றானதும் அந்தத் தூரம் கையை நீட்டும் தூரமாகச் சுருங்கியது. முதலில் லாக்-அவுட் செய்த பிறகுதான் குடித்தேன். பிறகு, கத்துகிற மேனேஜரின் ஆன்லைன் கால் முடிந்ததும். பிறகு அந்தக் கால் தொடங்குவதற்கு முன்பே. கேமரா அணைந்திருக்கும், மைக் மியூட்டில் இருக்கும். எவனுக்குத் தெரியப்போகிறது? மூடி போட்ட எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிவைப்பேன். எவ்வளவு ஊற்றினேன் என்று எனக்கே தெரியாது. அதற்குத்தான் எவர்சில்வர்.

மனைவி கேட்டபோதெல்லாம் என்னிடம் ஒரு பதில் இருந்தது. கார்த்திகையில் மாலை போட்டு நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டு தொடவில்லையே! அடிமையானவனால் முடியுமா? எங்கள் ஊரில் பாதி ஆண்கள் இந்தச் சான்றிதழைத்தான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறுநாள், மாலை நான்கு மணிக்கே டம்ளர் மேசைக்கு வந்துவிட்டது. விட்ட நாட்களுக்கும் சேர்த்துக் குடித்தேன்.

தை மாதத்தில் ஒரு நாள் ஐந்து மணி இருக்கும். மனைவி கதவைத் தட்டினாள். ஆறு வயது மகளுக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு தூக்கிப் போடுகிறது. நான் பாய்ந்து எழுந்து பைக் சாவியை எடுத்தேன். நாற்காலி சரிந்தது, நானும் சரிந்தேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள்.

"சாவியக் குடுயா. கொயந்தய நீ வேற சாவடிக்காத."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். என்னை உதாரணம் காட்டுகிற அதே எதிர்வீட்டுக்காரர்தான் வண்டியை எடுத்தார். நான் வாசலில் நின்றேன். உள்ளே வந்தால், ஹெட்போனில் எவனோ என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவன் மேல் வந்த கோபத்தில் ஹெட்போனைச் சுவரில் அடித்தேன். அடிக்க வேண்டியது யாரை என்று தெரிந்தேதான் அதை அடித்தேன்.

மகள் பிழைத்தாள். காய்ச்சலில் வந்த வலிப்பு, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த வாரம் அதே ஆஸ்பத்திரி டாக்டர் முன்னால் மனைவி என்னை உட்காரவைத்தாள்.

"இந்த முறையும் மாலை போட்டுக்கிறேன் சார்" என்றேன்.

"சாமிக்குப் பயந்து நாப்பத்தெட்டு நாள். மிச்ச நாளுக்கு யாருக்குப் பயப்படுவ?" என்றாள் அவள்.

டாக்டர் சிரிக்கவில்லை. காலையில் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா என்று கேட்டார். அப்படி இருந்தால் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, மருந்தோடுதான் நிறுத்த வேண்டும் என்றார். எனக்கு அப்படி இல்லை என்றேன். அப்படியானால் முழுதாக விடுவதுதான் நல்லது என்றார். அது முடியாது, அளவோடு குடிப்பேன் என்றால் பாட்டில் வீட்டில் தங்கக் கூடாது, வேலை நாளில் கிடையாது, வேலை செய்யும் அறையில் கிடையவே கிடையாது, ஊற்றினால் அளந்து ஊற்று, மனைவிக்குத் தெரிந்து ஊற்று என்றார். "இதுல ஒண்ணு மீறினாலும் உனக்கு அளவு ஒத்துவராதுன்னு அர்த்தம். அப்புறம் மொத்தமா விட்றணும்."

மகளின் சிரப் பாட்டில் மூடியால் அளந்தேன். இரண்டு சனிக்கிழமை ஒழுங்காக இருந்தேன். மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை லாக்-அவுட் செய்துவிட்டால் அது வேலை நாளே இல்லை என்று மனைவியிடம் வாதாடினேன். என் வாதம் எனக்கே நாறியது. அன்றோடு விட்டேன்.

எட்டு மாதம் ஆகிறது. அறைக் கதவைச் சாத்துவதில்லை. பைக் சாவி இன்னும் மனைவியிடம்தான். நேற்று சாயங்காலம் மகள் விளையாடிவிட்டு ஓடிவந்து, தண்ணீர் குடிக்க என் மேசையிலிருந்த டம்ளரைத் தூக்கினாள். மனைவி எங்கிருந்தோ வந்து அதைப் பிடுங்கினாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். பிறகுதான் குழந்தையிடம் கொடுத்தாள்.

அதில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.