நீல மைக்கு அடியில் இருந்த முகம்

ஜைபாவின் வலது கை மவுஸை நகர்த்தியது. இடது கை ஆல்ட் விசையை அழுத்தி அழுத்தி விட்டது. திரையிலிருந்த படத்தில் மை படாத, வழவழப்பான நெற்றித் துணுக்கை நகலெடுத்து, கன்னத்தின் பேனாக்கோட்டின் மேல் தடவினாள். கோடு மறைந்தது.

அது நாகம்மாளின் கணவர் படம். கல்குவாரியில் வேலை செய்து இறந்தவர். வேறு படம் கிடையாது. பேத்தி நீலப் பேனாவால் முகமெல்லாம் கிறுக்கிவிட்டாள். படுக்கையில் கிடந்த நாகம்மாளை அப்போது வீட்டு நர்ஸாக நான்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது ஒன்றே: கண் மூடுமுன் அந்த முகம் எதிர்ச் சுவரில் இருக்க வேண்டும்.

ஜைபா காவேரிப்பட்டினத்துப் பெண். அப்பா துணி வியாபாரி. கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் படித்து, தினமும் இரண்டு பஸ் மாறி பர்கூர் ஸ்டுடியோவுக்கு வருவாள். கல்யாண ஆல்பங்களில் பருவை எடுத்து எடுத்துப் பழகிய கை. அன்று பிரிண்டையும் பழைய படத்தையும் தானே கொண்டுவந்து கொடுத்தாள்.

நாகம்மாள் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "யாரு பாப்பா இவன்?"

"உங்க ஊட்டுக்காரருதான் ஆயா."

"அவருக்கு மூஞ்சி பூரா அம்மை வடு. இவன் வெண்ணெய் தடவுன மாப்பிள்ளையாட்டம் இருக்கான். இவன்கூட நான் எப்படிக் குடும்பம் நடத்துனேன்?"

நான் சிரித்தேன். ஜைபா சிரிக்கவில்லை.

கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கறுப்பு வெள்ளையிலேயே ஸ்கேன் செய்திருந்தாள். திரையில் மையும் சாம்பல் நிறம், வடுவின் நிழலும் சாம்பல் நிறம். மையோடு வடுவும் போய்விட்டது.

ஸ்டுடியோவுக்குத் திரும்பியதும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலப் பேனாவால் கிறுக்கி, இம்முறை வண்ணத்தில் ஸ்கேன் செய்தாள். வண்ணப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். நீலத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கிறுக்கல் வெளிறி, அடியில் இருந்த முகம் தெளிந்தது. உடனே மாதவனுக்கு, நாகம்மாளின் மகனுக்கு, போன் செய்தாள்.

"அண்ணா, அந்தப் பழைய போட்டோவை எடுத்துட்டு வாங்க. வடு போகாம எடுத்திரலாம்."

"அதான் கம்ப்யூட்டர்ல இருக்கேம்மா. அம்மா திட்டுச்சேன்னு மையை நானே தொடைச்சேன்."

என் மருந்துத் தட்டிலிருந்த ஸ்பிரிட்டையும் ஈரப்பஞ்சையும் எடுத்துத் தேய்த்திருந்தான். மையும் போனது, முகமும் தோலாக உரிந்து பஞ்சில் ஒட்டிக்கொண்டது. கேட்டிருந்தால் தடுத்திருப்பேன். நான் துணி துவைக்கப் போயிருந்தேன்.

"கலர்ல எடுக்கறதுக்கு ஒரு பட்டன்தாண்ணா. அன்னிக்கே அமுக்கியிருக்கணும்," என்றாள் ஜைபா.

முதல் ஸ்கேனின் நகல் ஒன்றைத் திருத்தாமல் தனியாக வைத்திருந்தாள். அது ஒன்றுதான் மிச்சம்.

மறுநாள் காலை அதையே பெரிதாக்கிக் கொண்டுவந்தாள். முகத்துக்கு வெளியே இருந்த கோடுகளை மட்டும் எடுத்திருந்தாள், முகத்தைத் தொடவில்லை. கிறுக்கலின் இடைவெளிகளில் வடுக்கள் தெரிந்தன. மாதவன் கட்டிலுக்கு எதிரே ஆணி அடித்து மாட்டினான். நான் நாகம்மாளைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தேன். அவர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கஞ்சி குடித்தார். ஜைபா ஸ்டுடியோவுக்குப் போக எட்டரை பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.