எதிர்க்கடைக்குப் போகிற பெட்டி

பிஸ்கட் பாக்கெட்டைப் புரட்டித் தேதி பார்ப்பவர்களைக் கண்டால் அம்மாவுக்கு வயிறு எரியும். எதிரே சித்தியின் கடையில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. இரண்டு கடைக்கும் சரக்கு ஒரே மொத்தக் கடையிலிருந்துதான். சித்தி ரொக்கம் கொடுப்பவள். பெட்டியைப் பிரித்துப் பார்த்து எடுப்பாள். அம்மா கடனுக்கு வாங்குபவள். வருவதை இறக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கடனுக்கு வாங்குவதால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். படித்ததற்கு அதாவது செய்ய வேண்டாமா?

"விலைய விடுடி. அவ கழிச்சத நாம விக்கிறோம், அதச் சொல்லு."

அன்றிலிருந்து அம்மா புதுக் கடன் வாங்கவில்லை. அலமாரி பாதி காலியாகக் கிடந்தாலும் பழைய பாக்கியை வாராவாரம் குறைத்துக்கொண்டே வந்தாள். கடைசித் தவணை கட்டும் நாளில், விற்காத பெட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இருவரும் போனோம்.

"மொத்தமும் முடிக்கிறீங்களா? பொண்ணுக்கு வேலை கெடச்சிருச்சா?" என்றார் மொத்தக் கடைக்காரர்.

நான் தராசைப் பார்த்தேன்.

"கெடச்சா உங்ககிட்ட சொல்லாம இருப்பனாண்ணே."

திருப்பிய சரக்கின் விலையைக் கழித்து, மீதியை வாங்கிக்கொண்டு, 'பாக்கி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அம்மா எழுந்திருக்கவில்லை.

"அந்த செக்கையும் குடுத்துருங்கண்ணே."

கடன் தொடங்கியபோது, தொகை எழுதாமல் ஈடாகக் கொடுத்தது. இழுப்பறையிலிருந்து எடுத்துத் தந்தார். அம்மா அதை அங்கேயே கிழித்தாள்.

"இனிமே பாலத்துக்கிட்ட இருக்கிற மொத்தக் கடையில ரொக்கத்துக்கு எடுக்கப்போறேன். யாரோ சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் நானே சொல்றேன். கஷ்டத்துல நீங்க குடுத்த சரக்குலதான் கடை நின்னுச்சு, அத மறக்க மாட்டேன்."

"ரொக்கம்னா இங்கயே எடுங்களேன். உங்க ஓரகத்திக்குப் போடுற விலையே போடுறேன்."

அம்மா சிரித்தாள். "அவளுக்குப் போடுறத அவளுக்கே போடுங்கண்ணே."

அவரும் சிரித்துவிட்டார். உடனே போனை எடுத்துப் பாலத்துக் கடைக்காரரை அழைத்தார். "நம்ம கடைக்காரம்மா ஒருத்தங்க வர்றாங்க. சொன்னா சொன்ன நாள்ல பணம் வந்துரும். நல்ல சரக்கா பாத்துக் குடுப்பா."

எனக்காக இப்படி ஒரு போன் போட யார் இருக்கிறார்கள்? அம்மாவின் மேலேயே பொறாமை வந்தது. அவளோ தெருவில் இறங்கியதும் முணுமுணுத்தாள்: "இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை நல்லதா சொன்னாரா? எவங்கிட்டயோ சொல்றாரு பாரு."

மறுநாள் புதுப் பெட்டிகள் வந்து இறங்கின. சித்தி சில்லறை மாற்றுகிற சாக்கில் வந்து, ஒரு பாக்கெட்டை எடுத்துப் புரட்டினாள்.

"எங்கக்கா எடுக்கிறீங்க? பிரிச்சுப் பாத்து எடுத்தும் எனக்குப் போன மாசத்துதுதான் கெடச்சுது."

அம்மா தாராளமாகக் கடையைச் சொன்னாள். சித்தி போன பிறகு அந்தப் பாக்கெட்டை இருந்த இடத்திலேயே நேராக வைத்தாள்.

"ஏண்டி," என்றாள் பிறகு, "இவ அங்க போனா இவளுக்கும் அந்த அண்ணன் போன் போடுவாரோ?"