கவுஸ் கடையில் வாங்கிய புத்தகப்பை

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் கவுஸ் நானா கடை போட்ட புதிதில், பையை விட அவருடைய வாய்தான் அதிகம் விற்றது. “கிழியாது, நனையாது, ஆறாம் வகுப்பு வரைக்கும் அசையாது” என்று ஒரே மூச்சில் சொல்லி, பையின் துணிமேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் காட்டுவார். உள்பக்கம் பிளாஸ்டிக் பூசிய நைலான் துணி. தண்ணீர் வழிந்து ஓடிவிடும். ரப்பர்த் தோட்டத்துச் சனம் அதிலேயே மயங்கிவிடும்.

பால்மரம் வெட்டும் பிச்சையம்மாளும் அப்படித்தான் மயங்கினாள். மகள் ரமணியைக் கையோடு கூட்டி வந்திருந்தாள். ஏழு வயது, முதல் வகுப்பு.

“பெருசா குடுங்க நானா. ஆறு வருசம் ஓடணும்லா.”

அவள் காட்டியது பெரிய பிள்ளைகளின் பை. பத்துப் பன்னிரண்டு புத்தகம் தாராளமாகப் பிடிக்கும். தோள்வார் வெறும் நாடா. பஞ்சு வைத்த வாரோடு சின்னப் பை ஒன்று பக்கத்திலேயே தொங்கியது. ரமணிக்கு அதுதான் பொருத்தம் என்று கவுசுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. கேட்டதைக் கொடுத்தால் போதும் என்று அப்போது ஒரு நினைப்பு. பொல்லாத நினைப்பு.

அந்த ஊருக்கே உரிய சித்திரை மழை பிடித்த வாரம் தாயும் மகளும் திரும்பி வந்தார்கள். பிச்சையம்மாள் பையைத் திறந்து காட்டினாள். பள்ளியில் இரவல் கொடுத்த புத்தகங்கள் ஊறி உப்பிக் கிடந்தன.

“மூணு நாளா பள்ளிக்கூடம் போவ மாட்டேங்குது நானா. டீச்சர் மொகத்துல எப்படி முழிக்கிறதுன்னு அழுவுது.”

கடையில் நாலு பேர் நின்றார்கள். கவுசுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நம்ம பை நனையாதுலா தங்கச்சி” என்று பையை வாங்கி ரமணியின் முதுகில் மாட்டினார். அது இடுப்புக்குக் கீழே தொங்கியது. பாரம் பின்னுக்கு இழுக்க, பிள்ளை முன்னால் குனிந்தாள். குனிந்ததும் மேல்ஜிப் வானத்தைப் பார்த்தது. அதை மூட ஒரு பட்டைத் துணிகூட இல்லை.

கவுஸ் பையைக் கழற்றி, உள்ளே காகிதத்தைத் திணித்து, இந்த முறை ஜிப்பின் மேல் தண்ணீரை ஊற்றினார். ஜிப்பின் பல்லுக்கிடையிலும் தையல் ஓட்டையிலும் இறங்கியது தண்ணீர். காகிதம் சொதசொதவென்று வெளியே வந்தது.

ரமணிதான் முதலில் பேசினாள். “எல்லாப் புள்ளைங்களும் மழைக்கு பால் கொட்டாயில ஒதுங்குச்சுங்க. நான் மட்டும் நடந்தேன். நனையாதுன்னு நீங்க சொன்னீங்கல்ல.”

கவுசுக்கு முகம் செத்துவிட்டது. சின்னப் பையை எடுத்து அவள் தோளில் மாட்டினார். கடைக் கதவைச் சாத்திவிட்டு, அவர்களோடு பஸ் ஏறிப் பள்ளிக்கே போனார். “புத்தகம் கெட்டது புள்ளையால இல்ல டீச்சர், என் பேச்சால” என்றார். மறுநாள் ரமணி பள்ளிக்குப் போனாள்.

அதன்பிறகு பிள்ளையைக் கூட்டி வராதவர்களுக்குக் கவுஸ் பை விற்றதில்லை. வந்த பிள்ளையின் முதுகில் பையை மாட்டி அளவு பார்ப்பார். ஜிப்பை நாலு தடவை இழுத்துப் பார்ப்பார். பிறகு, வாங்க வந்த தாயை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் குனிந்து சொல்வார்:

“தூறல் தாங்கும். பெரிய மழைன்னா நனையும். ஒதுங்கி நில்லு, என்னம்மா?”