ஈரத் துணிக்கு ஒரு மன்னிப்பு

துணிகளை வீட்டுக்கே வந்து வாங்கித் துவைத்துத் தரும் நிறுவனத்தில், வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவது அவள் வேலை. விலகிப்போனவர்களைத் திரும்ப அழைக்க, “உங்களை ரொம்ப மிஸ் பண்றோம், இருபது சதவீதம் தள்ளுபடி” என்று எழுதி, விலகியவர்களில் ஒருத்தியான தன் அக்காவிடம் முதலில் காட்டினாள்.

“நாங்க ஏன் நிறுத்தினோம்னு உனக்குத் தெரியாதாடி? மாமா இன்டர்வியூக்கு ஈரச் சட்டையோட போனாரு.”

அவளுக்குச் சுருக்கென்றது. மழைக்காலத்தில் உலர்த்தும் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது தெரிந்தும், கேட்டவர்களுக்கெல்லாம் “விரைவில் வந்துவிடும்” என்று பதில் அனுப்பியவள் அவள்தான்.

மறுநாள் அந்தத் தள்ளுபடி அஞ்சலை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். “நீங்கள் துணி கொடுத்துச் சில மாதங்கள் ஆகின்றன. மழைக்காலத்தில் இயந்திரம் பழுதானதை மறைத்து, துணிகளைத் தாமதமாகவும் ஈரமாகவும் தந்தோம். மன்னியுங்கள். இப்போது இரண்டாவது இயந்திரம் வாங்கியிருக்கிறோம். சொன்ன நாளில் துணி வராவிட்டால் கட்டணம் இல்லை.” அதன் கீழே, இனி அஞ்சல் வேண்டாம் என்பவர்களுக்கான இணைப்பையும் வைத்தாள்.

முதலாளி முகம் சுளித்தார். “நம்ம தப்ப நாமளே ஊருக்குச் சொல்லணுமாம்மா?”

“அவங்களுக்குத் தெரியாததையா சார் சொல்றோம்?”

அவர் அரை மனதாகத் தலையாட்டினார்.

மின்னஞ்சல் போனது. சிலர் திரும்பினார்கள். பலர் இணைப்பை அழுத்தி விலகினார்கள். அக்கா தொலைபேசியில் சொன்னாள்: “படிச்சேன். மாமா சட்டைய மட்டும் தர மாட்டேன். போர்வை இருக்கு, ஆள அனுப்பு.”