அக்டோபரிலிருந்து வெற்று வரிசைகள்

அம்மாவின் அஞ்சலக ஆர்.டி. பாஸ்புக்கைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னது நான்தான். அந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

சிறுசேரிக்குப் போகும் ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து போட்டோவைப் பெரிதாக்கி, மாதம் ஒரு கட்டம், தொகை ஒரு கட்டம் என்று போனில் அடித்தேன். மாதம் ஆயிரம். முதல் வருட மார்ச்சில் பதிவே இல்லை, பகீரென்றது. ஏப்ரலில் இரண்டாயிரமும் தாமதக் கட்டணம் பத்து ரூபாயும் இருந்தன. மார்ச் தவணை சேர்ந்து வந்திருக்கிறது, சரி. ஆனால் போன செப்டம்பரோடு பதிவு நின்றுவிட்டது. கடைசி இருப்பு இருபத்தாறாயிரம். ஜனவரி வரை எண்ணினால் முப்பது மாதம். நான்கு தவணை இல்லை.

நான்கு விட்டால் கணக்கு நின்றுபோகும். இரண்டு மாதத்துக்குள் கட்டினால்தான் உயிர் வரும். இப்போது பிப்ரவரி.

அம்மா ஒரு மாதமும் விட்டதில்லை. செய்யூரிலிருந்து ஆயிரத்தை என்னிடம்தான் கொடுத்தனுப்புவாள். நான் அதை, தவணை வசூலித்து அஞ்சலகத்தில் கட்டும் ஏஜென்டிடம் கொடுப்பேன். ஏஜென்ட் என் மாமியார். சம்பந்தியிடம் ரசீது கேட்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை.

மாமியார் பணத்தைக் கட்டிவிட்டு, பாஸ்புக்கில் பதிய மறந்திருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, சனிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதிலும் இருபத்தாறாயிரம்தான்.

"அக்டோபர்லேர்ந்து கட்டலயேம்மா" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"புக்க பாத்துகினுதான இருக்கேன். கேட்டா உன்னத்தான் வூட்ல பேஜாரு பண்ணுவாங்க. வுடு."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நான்கு தவணை, இந்த மாதத்துக்கு ஒன்று, தாமதக் கட்டணம் நூறு. ஐயாயிரத்து நூறு ரூபாயை நானே கட்டினேன். கணக்குக்கு உயிர் வந்தது. ஏஜென்டிடம் மாதாமாதம் கொடுத்தோமே என்று கவுன்டரில் கேட்டுவிடலாம் என மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

நான் பஸ் ஏறும்போது அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினாள்.

"இன்னாம்மா இது? இந்த மாசத்துக்குத்தான் கட்டியாச்சே."

"நிறுத்துனா நமக்குத் தெரிஞ்சிடுச்சின்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். எடுத்துகினு போ."

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் கேட்டார், "உங்கம்மா பணம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க அத்த" என்று எண்ணிக் கொடுத்தேன்.